நேரே பிடித்தால் படிக்கிறது, சாய்த்தால் மறுக்கிறது: க்யூஆர் கோடு தகராறுகளை அறிகுறி வைத்துச் சரிசெய்வது

ஒரு க்யூஆர் கோடு ஸ்கேன் ஆகவில்லை என்றால் பெரும்பாலோர் செய்வது இரண்டே வேலை: போனை இன்னும் கிட்டே கொண்டுபோவது, கேமரா லென்ஸைச் சட்டையில் துடைப்பது. இரண்டாவது சில நேரம் உதவும். முதலாவது பல நேரம் நிலைமையை இன்னும் மோசமாக்கும். ஏன் என்று இங்கே கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

அதற்கு முன், போன் ஒரு கோடை எந்த வரிசையில் படிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும், கோளாறு எங்கே என்பதைப் பாதி கண்டுபிடித்த மாதிரி. முதலில் மூன்று மூலைகளில் இருக்கும் பெரிய சதுரங்களைத் தேடும். அவற்றை வைத்து, கோடின் மேல் ஒரு கற்பனை வலையை விரிக்கும். வலையின் ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் எட்டிப்பார்த்து, கறுப்பா வெள்ளையா என்று குறித்துக்கொள்ளும். அப்படிக் கிடைத்த 1, 0 வரிசையில் இருக்கும் பிழைகளைத் திருத்தும். கடைசியாக அதை எழுத்தாக மாற்றும். எந்த அறிகுறி தெரிகிறதோ, அதை வைத்து இந்த வரிசையில் எங்கே அறுந்தது என்று சொல்லிவிடலாம்.

அறிகுறி: நேராகப் பார்த்தால் உடனே படிக்கிறது, சாய்வாகப் பார்த்தால், அதுவும் கிட்டே போனால், படிப்பதில்லை

இது என் சொந்தக் கதை. அலமாரியில் அடுக்கிய பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டினேன். ஒவ்வொரு லேபிளிலும் அந்தப் பெட்டியின் பட்டியலைத் திறக்கும் ஒரு இணைய முகவரி. மேல்தட்டுப் பெட்டிகள் கண் மட்டத்தில் இருந்ததால் சட்டென்று படித்தன. கீழ்த்தட்டுப் பெட்டிகளை நின்றபடி குனிந்து, மேலிருந்து சாய்வாகத்தான் பார்க்க முடியும். அங்கே பத்தில் ஏழு தடவை எதுவும் வரவில்லை. அச்சு தெளிவாக இருந்தது, வெளிச்சம் போதுமானது, காகிதமும் ஒன்றுதான். கோணம் மட்டும்தான் வேறு.

ஆனால் க்யூஆர் கோடைச் சாய்வாகப் படிக்க முடியும் என்பதுதானே அதன் பெருமை? ஆமாம். அது எப்படி முடிகிறது என்று பார்த்தால்தான் என் லேபிளில் எப்படி முடியாமல் போனது என்று புரியும்.

மூலைச் சதுரத்தை உற்றுப் பாருங்கள். நடுவில் 3 கட்டம் அகலமுள்ள கறுப்புச் சதுரம், அதைச் சுற்றி 5 கட்ட அகலத்துக்கு வெள்ளை, அதைச் சுற்றி 7 கட்ட அகலத்துக்குக் கறுப்புச் சட்டம். மூன்றுக்கும் மையம் ஒன்றே. இந்த மையத்தின் வழியாகக் குறுக்கே ஒரு நேர்கோடு இழுத்தால், கறுப்பு 1, வெள்ளை 1, கறுப்பு 3, வெள்ளை 1, கறுப்பு 1 என்ற விகிதம் வரும். கிடையாக இழுத்தாலும், செங்குத்தாக இழுத்தாலும், மூலைவிட்டமாக இழுத்தாலும் அதே விகிதம்தான். ஒரே மையத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய சதுரங்களை எந்தத் திசையில் வெட்டினாலும் வெட்டுநீளங்கள் 3:5:7 என்றே அமையும் என்பது வடிவியல். எல்லாக் கட்டமும் சேர்ந்து குறுகினாலும் நீண்டாலும் விகிதம் குலையாது. அதனால்தான் போனைத் தலைகீழாகப் பிடித்தாலும், ஒருக்களித்துப் பிடித்தாலும், சாய்த்தாலும் மென்பொருள் அந்தச் சதுரத்தை அடையாளம் கண்டுகொள்கிறது. 1994-இல், பின்னாளில் டென்சோ வேவ் என்ற தனி நிறுவனமான டென்சோ பிரிவில் மசாஹிரோ ஹாராவும் அவர் குழுவும் இந்த விகிதத்தைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. சுவரொட்டி, பத்திரிகை, அட்டைப்பெட்டி என்று அச்சடித்த பலவற்றைத் தேடிப் பார்த்து, கறுப்பு வெள்ளை மாறிமாறி வருவதில் மிக அரிதாகத் தென்பட்ட விகிதத்தைப் பிடித்தார்கள்.

மூன்று மூலையில் சதுரம், ஒரு மூலையில் இல்லை. அந்த வெறும் மூலைதான் எது மேல், எது கீழ் என்று சொல்லிவிடுகிறது. எனவே சுழற்சி பிரச்சினையே இல்லை. சாய்வுதான் சங்கடம்.

ஒரு சதுரத்தைச் சாய்வாகப் படம் எடுத்தால், கிட்டே இருக்கும் பக்கம் பெரிதாகவும் தள்ளி இருக்கும் பக்கம் சிறிதாகவும் தெரியும். சதுரம் சரிவகம் ஆகிவிடும். அதைத் திரும்பச் சதுரமாக்க, தளத்தில் நான்கு புள்ளிகள் படத்தில் எங்கெங்கே விழுந்தன என்று தெரிந்தால் போதும். மீதி எல்லாப் புள்ளிகளின் இடத்தையும் துல்லியமாகக் கணக்கிட்டுவிடலாம். நான்கு வேண்டும், மூன்று போதாது. மூலைச் சதுரங்கள் தருவதோ மூன்று மையங்கள். நான்காவது எங்கிருந்து வரும்?

வலது கீழ்ப் பக்கம், ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, 5 கட்ட அகலத்தில் ஒரு குட்டிச் சதுரம் இருக்கும். சதுரத்துக்குள் ஒரு புள்ளி மாதிரி. சீரமைப்புச் சதுரம் என்று வைத்துக்கொள்வோம். அதுதான் நான்காவது புள்ளி. சாய்வைத் தாங்கும் திறமையில் பெரும்பங்கு அந்தக் குட்டியிடம் இருக்கிறது.

இப்போது என் லேபிளுக்கு வருகிறேன். அதில் அந்தக் குட்டிச் சதுரமே இல்லை.

க்யூஆர் கோடுகள் 40 அளவுகளில் வருகின்றன. ஒவ்வொன்றையும் வெர்ஷன் என்பார்கள். வெர்ஷன் 1 என்றால் பக்கத்துக்கு 21 கட்டம். ஒவ்வொரு வெர்ஷனுக்கும் 4 கட்டம் கூடும். வெர்ஷன் 40-இல் 177. சீரமைப்புச் சதுரம் வெர்ஷன் 2 முதல்தான் உண்டு. வெர்ஷன் 1-இல் அதற்கு இடம் ஒதுக்கவில்லை. நான் ‘எவ்வளவு சிறிய கோடோ அவ்வளவு எளிதாகப் படிக்கும்’ என்று நினைத்து, முகவரியைச் சுருக்கி, வேலை மெனக்கெட்டு வெர்ஷன் 1-க்குள் திணித்திருந்தேன்.

திணித்த விதம் இதுதான். முகவரி இந்த மாதிரி 24 எழுத்து:

```
https://example.com/a7k2
HTTPS://EXAMPLE.COM/A7K2
```

முதல் வரியைப் போலச் சின்ன எழுத்தில் எழுதினால், ஒவ்வொரு எழுத்தும் 8 பிட் எடுக்கும். இரண்டாவது வரியைப் போல எல்லாம் பெரிய எழுத்தாக இருந்தால், க்யூஆர் கோடுக்கு ஒரு சிக்கன வழி உண்டு: எண்கள், பெரிய ஆங்கில எழுத்துகள், இடைவெளி, மேலும் `$ % * + - . / :` என்று மொத்தம் 45 குறிகள் மட்டும் வந்தால், இரண்டிரண்டு எழுத்தாகச் சேர்த்து 11 பிட்டில் அடைக்கலாம். 45 × 45 = 2025; 11 பிட்டில் 2048 எண்ணிக்கை அடங்கும், அதனால் சரியாகிறது. அப்படிப் பார்த்தால் 24 எழுத்துக்கு 132 பிட், முன்னொட்டுக் குறிப்புகளுக்கு 13 பிட், ஆக 145. வெர்ஷன் 1-இன் மிகக் குறைந்த பிழைதிருத்த நிலையான L-இல் 152 பிட் இடம் இருக்கிறது. உள்ளே போய்விட்டது. எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமைக்கு விலை என்னவென்று கணக்குப் பார்ப்போம். லேபிள் பக்கத்துக்கு 3 செ.மீ.; ஒரு கட்டம் சுமார் 1.4 மி.மீ. மேலிருந்து 45 பாகை சாய்வில், போனை 12 செ.மீ. கிட்டே கொண்டுபோகிறேன். மேல் சதுரங்களின் மையங்களும் கீழ்ச் சதுரத்தின் மையமும் 14 கட்டம் தள்ளி இருக்கின்றன. சாய்வால் மேல் சதுரங்கள் கேமராவுக்கு ஏறத்தாழ 5 கட்ட அளவு கிட்டேயும், கீழ்ச் சதுரம் அதே அளவு தள்ளியும் போகின்றன. 12 செ.மீ. என்பது 84 கட்டம். ஆக மேலே 79, கீழே 89. மேல் விளிம்பு கீழ் விளிம்பை விட 12.5 சதவீதம் அகலமாகத் தெரியும்.

நான்காவது புள்ளி இல்லாதபோது பல மென்பொருள்கள் செய்யும் சமாளிப்பு இது: மூன்று மையங்களைக் கொண்டு ஒரு இணைகரத்தை முடித்து, நான்காவது மூலை அங்கேதான் இருக்கும் என்று ஊகிக்கும். இணைகரம் என்றால் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் சமம் என்று பொருள். உண்மையில் கீழ் விளிம்பு சிறியது. எனவே ஊகித்த மூலை, உண்மையான மூலையை விட வலப்பக்கம் தள்ளி விழும். எவ்வளவு தள்ளி? 14 கட்டத்தில் 12.5 சதவீதம், அதாவது 1.75 கட்டம்.

மென்பொருள் ஒவ்வொரு கட்டத்தின் நடுவில்தான் எட்டிப்பார்க்கிறது என்றேன் அல்லவா? நடுவிலிருந்து அரைக் கட்டம் விலகினாலே பக்கத்து வீட்டைப் பார்த்துவிடும். இங்கே ஒன்றேமுக்கால் கட்டம் விலகல். வலது கீழ்ப்பகுதி முழுக்கத் தவறான கட்டங்களைப் படிக்கிறது. போதாக்குறைக்கு வெர்ஷன் 1, நிலை L என்றால் மொத்தம் 26 பைட்டில் 2 பைட் பிழையைத்தான் திருத்த முடியும். எப்படித் தப்பும்?

இதுதானா என்று எப்படி உறுதிசெய்வது

முதலில் கோடைக் கண்ணால் பாருங்கள். வலது கீழே குட்டிச் சதுரம் இல்லையென்றால் அது வெர்ஷன் 1. இன்னொரு அடையாளம்: மேலே இருக்கும் இரண்டு மூலைச் சதுரங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி, ஒரு மூலைச் சதுரத்தின் அகலத்துக்குச் சமமாக இருக்கும். வெர்ஷன் 2 என்றால் அந்த இடைவெளி 11 கட்டம். பார்த்தாலே கூடுதல் என்று தெரியும்.

அப்புறம் சாய்வை மாற்றாமல் தூரத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதே 45 பாகையில் 30 செ.மீ. தள்ளிப் போனால் விலகல் 0.7 கட்டத்துக்குக் குறைகிறது, 60 செ.மீ.-க்குப் போனால் 0.33 கட்டம்தான். தள்ளிப் போகப் போகக் கிட்டப் பக்கத்துக்கும் தூரப் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் கரைந்து, இணைகர ஊகம் உண்மையை நெருங்குகிறது. எனவே ‘கிட்டே போனால் படிப்பதில்லை, அதே சாய்வில் பின்வாங்கி ஜூம் செய்தால் படிக்கிறது’ என்றால் சந்தேகமே வேண்டாம், நான்காவது புள்ளிதான் பிரச்சினை. என் பெட்டிகளில் இதுவே நடந்தது. நிமிர்ந்து நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்தேன், படித்துவிட்டது. ஆனால் பெட்டி பார்க்க வருகிற எல்லோரிடமும் ‘பின்னால் போய் ஜூம் செய்யுங்கள்’ என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

எல்லாப் போன்களும் இதில் தடுமாறும் என்று நினைக்க வேண்டாம். நல்ல மென்பொருள்கள் மூலைச் சதுரங்களின் விளிம்புக் கோடுகளையே நீட்டிப் பார்த்து, அவை சந்திக்கும் இடத்தை வைத்து நான்காவது மூலையைக் கண்டுகொள்ளும். அதனால் ஒரு போனில் படித்து, இன்னொரு போனில் படிக்காமல் போவதும் இதே நோயின் அறிகுறிதான்.

மருந்து

கோடை மறுபடி உருவாக்கி வெர்ஷன் 2-க்கு ஏற்றுவதுதான். உருவாக்கும் கருவியில் வெர்ஷனை நேரடியாகக் கேட்கும் வசதி இருந்தால் சுலபம். இல்லையென்றால் பிழைதிருத்த நிலையைக் கூட்டினால் தானாக ஏறும். L, M, Q, H என்று நான்கு நிலை. வரிசையாகச் சுமார் 7, 15, 25, 30 சதவீதச் சேதம் தாங்கும் என்பார்கள். என் 24 பெரிய எழுத்துகளை நிலை Q-இல் வைத்தால் வெர்ஷன் 2-இல் அடங்குகிறது, ஏனென்றால் அங்கே 29 வரை இடம் உண்டு. H வைத்தால் 20-தான் கொள்ளும், வெர்ஷன் 3-க்குத் தாவிவிடும், தேவையில்லை.

அதே 3 செ.மீ. லேபிளில் இப்போது பக்கத்துக்கு 25 கட்டம். ஒரு கட்டம் 1.2 மி.மீ.-ஆகச் சிறுத்துவிட்டது. இழந்தது அவ்வளவுதான். கிடைத்தது: நான்காவது புள்ளி, அதோடு 44 பைட்டில் 11 பைட் பிழையைத் திருத்தும் திறன். கீழ்த்தட்டு லேபிள்களை மட்டும் மாற்றி ஒட்டினேன். குனிந்தபடியே படிக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. முகவரியைப் பெரிய எழுத்தாக்கும்போது `example.com` என்ற பகுதி பாதிக்கப்படாது. தளப்பெயருக்குப் பெரிய, சின்ன எழுத்து பேதம் கிடையாது. சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் `a7k2` போன்ற பகுதிக்குப் பல சர்வர்கள் பேதம் பார்க்கும். `A7K2` என்று திறந்து பார்த்து, அதே பக்கம் வருகிறதா என்று உறுதி செய்த பிறகே அச்சடியுங்கள்.

அறிகுறி: குட்டிச் சதுரம் இருக்கிறது, ஆனாலும் அதிகச் சாய்வில் படிப்பதில்லை

இது கணிதத்தின் தோல்வி இல்லை, பிக்சல் பஞ்சம். 60 பாகை சாய்த்தால் ஒரு திசையில் எல்லாமே பாதியாகக் குறுகும். 70 பாகையில் மூன்றில் ஒரு பங்கு. குறுகிய பிறகும் ஒரு கட்டத்துக்கு இரண்டு மூன்று பிக்சலாவது மிஞ்ச வேண்டும். கேமரா முன்னோட்டத்தில் கோடைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கட்டங்கள் உங்கள் கண்ணுக்கே சாம்பல் நிறமாகக் கலந்து தெரிந்தால் போனுக்கும் அப்படித்தான். இங்கே கிட்டே போவது சரியான வைத்தியம், ஃபோகஸ் தவறாத தூரம் வரை. அதிகச் சாய்வில் ஒரு பக்கம் ஃபோகஸாகி மறுபக்கம் மங்குவதும் உண்டு. பளபளப்பான லேமினேஷன் என்றால் விளக்கின் பிரதிபலிப்பு கட்டங்களை வெள்ளையாக்கிவிடும். அப்போது கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ சாய்த்தாலே போதும்.

அறிகுறி: காகிதத்தில் படிக்கிறது, அதையே பாட்டிலில் ஒட்டினால் படிப்பதில்லை

நான்கு புள்ளி வித்தை தட்டையான தளத்துக்கு மட்டும்தான் செல்லும். வளைந்த பரப்பில் நான்கு மூலைகளும் சரியாகப் பொருந்தினாலும் நடுப்பகுதி வேறெங்கோ இருக்கும்.

ஆனால் வளைவே நேரடிக் குற்றவாளி என்று அவசரப்பட வேண்டாம். 6 செ.மீ. விட்டமுள்ள பாட்டிலில் 3 செ.மீ. கோடு ஒட்டியிருக்கிறது என்று வையுங்கள். பாட்டிலுக்கு நேரெதிரே, அதே மட்டத்தில் போனைப் பிடித்தால், ஓரக் கட்டங்கள் கொஞ்சம் குறுகித் தெரியுமே தவிர எதுவும் அதன் இடத்திலிருந்து கால் கட்டத்துக்கு மேல் நகராது. படித்துவிடும். கெடுப்பது, மேலிருந்து சாய்த்துப் பார்ப்பதுதான். அந்தப் பாட்டிலில் கோடின் நடுப்பகுதி ஓரங்களை விடச் சுமார் 3.7 மி.மீ. முன்னே துருத்திக்கொண்டிருக்கும். 30 பாகை மேலிருந்து பார்த்தால், அந்தத் துருத்தலில் பாதி, அதாவது 1.8 மி.மீ., படத்தில் செங்குத்து விலகலாக மாறுகிறது. நேர்வரிசைகள் வில்லாக வளைந்து தெரிவது அதனால்தான். 1.2 மி.மீ. கட்டத்துக்கு அது ஒன்றரைக் கட்ட விலகல். கதை முடிந்தது.

ஆகவே பாட்டிலைக் கண் மட்டத்துக்குத் தூக்குங்கள், அல்லது போனைப் பாட்டில் மட்டத்துக்கு இறக்குங்கள். பக்கவாட்டில் சாய்வது அவ்வளவு பாதிக்காது, மேல் கீழ்ச் சாய்வுதான் எதிரி. லேபிள் உங்கள் கையில் இருந்தால் கோடின் அகலத்தைக் குறையுங்கள். அகலம் பாதியானால் துருத்தல் கிட்டத்தட்ட நாலில் ஒன்றாகும்; கட்டமும் பாதியாகச் சிறுத்தாலும் லாபம்தான்.

அறிகுறி: போன் அங்கே ஒரு கோடு இருப்பதையே கண்டுகொள்வதில்லை

சட்டமோ மஞ்சள் கோடோ எதுவும் திரையில் தோன்றவில்லை என்றால், மூலைச் சதுரங்களையே தேடிப் பிடிக்க முடியவில்லை என்று அர்த்தம். மூன்று காரணங்களைத்தான் நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். ஒன்று, சுற்றிலும் விட வேண்டிய வெள்ளை ஓரத்தை வடிவமைப்பவர் அழகுக்காக வெட்டிவிட்டார். நான்கு கட்ட அகலம் எல்லாப் பக்கமும் வேண்டும், இல்லையென்றால் கறுப்புச் சட்டம் பின்னணியோடு ஒட்டிக்கொண்டு 1:1:3:1:1 குலைந்துவிடும். இரண்டு, கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடு. சில போன்கள் திருப்பிப் போட்டுப் பார்க்கும், சில பார்க்காது. மூன்று, மூலைச் சதுரத்தின் மேலேயே கிழிசல் அல்லது ஸ்டிக்கர். பிழைதிருத்தம் எவ்வளவு உயர்வாக வைத்திருந்தாலும் மூலைச் சதுரங்களுக்கு அந்தக் காப்பீடு கிடையாது. உள்ளே உள்ள தரவுக்கு மட்டும்தான் அது.

அறிகுறி: சட்டம் தோன்றுகிறது, ஆடுகிறது, ஆனால் முடிவு வருவதில்லை

சதுரங்கள் கிடைத்துவிட்டன, வலையும் விரிந்துவிட்டது. திருத்த முடியாத அளவுக்குப் பிழை இருக்கிறது. நடுவில் பெரிய லோகோ, கீறல், மழையில் கரைந்த மை, இப்படி.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. திருத்தம் கட்டம் கட்டமாக நடப்பதில்லை. எட்டுக் கட்டம் சேர்ந்தது ஒரு பைட். அந்த எட்டில் ஒன்று தவறினாலும், எட்டும் தவறினாலும், க்யூஆர் கோடின் பிழைதிருத்தத்துக்குப் பயன்படும் ரீட் சாலமன் முறைக்கு அது ஒரு பிழைதான். என் வெர்ஷன் 2, நிலை Q லேபிள் 11 பைட் வரை தாங்கும் என்றேன். ஒரே இடத்தில் அப்பிய கறை 11 பைட்டை முழுசாக விழுங்கினாலும், 88 கட்டம் போனாலும், படித்துவிடும். ஆனால் மை தெறித்த மாதிரி 12 சின்னப் புள்ளிகள், 12 வெவ்வேறு பைட்டில் வெள்ளைக் கட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும், 625 கட்டத்தில் வெறும் 12, கோடு ஊமையாகிவிடும். ‘25 சதவீதம் தாங்கும் என்றார்களே, இதில் 2 சதவீதம்கூடச் சேதமில்லையே’ என்று குழம்புவது இதனால்தான். லோகோ வைக்க வேண்டியிருந்தால் ஒரே கட்டியாக, கட்டங்களின் விளிம்போடு ஒட்டி வையுங்கள். அரைகுறையாக நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கும் வடிவம் தேவையில்லாமல் கூடுதல் பைட்டுகளைத் தொடும்.

இடது மேல் சதுரத்தை ஒட்டிய கட்டங்களில் எதுவும் வைக்காதீர்கள். எந்தப் பிழைதிருத்த நிலை, தரவுக் கட்டங்களின் கறுப்பு வெள்ளையைத் திருப்பிப் போட்ட முகமூடி அமைப்பு எது என்ற குறிப்பு அங்கேதான் இருக்கிறது. இன்னொரு நகல் மற்ற இரண்டு சதுரங்களின் அருகே பிரிந்து கிடக்கும். இரண்டும் கெட்டால் மீதி எல்லாம் சுத்தமாக இருந்தும் படிக்க வழியில்லை.

அறிகுறி: படிக்கிறது, ஆனால் வருவது தப்பாக இருக்கிறது

கோடின் உள்ளே இருப்பது எழுத்து வரிசை, அவ்வளவே. படமோ பக்கமோ அதற்குள் இல்லை. முகவரி சரியாகத் தோன்றி பக்கம் திறக்கவில்லை என்றால், கோடு தன் வேலையை முடித்துவிட்டது. குறை அந்த முகவரியில். ‘கோடு காலாவதியாகிவிட்டது’ என்று சொல்வார்கள். காலாவதியானது நடுவில் இருக்கும் திருப்பிவிடும் சேவை. அச்சடித்த கட்டங்களுக்குத் தேதி ஏது?

தமிழ் எழுத்துக்குப் பதில் `à®` , `à¯` என்று மாறிமாறி வந்தால், UTF-8-இல் எழுதியதை வேறு குறியாக்கமாக நினைத்துப் படிக்கிறது என்று பொருள். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் UTF-8-இல் 3 பைட் எடுக்கும். அதில் முதல் இரண்டு பைட்டுகள்தான் அப்படித் திரும்பத் திரும்ப வந்து தொலைக்கின்றன. உருவாக்கும்போது குறியாக்கத்தையும் கோடில் குறித்துவைக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். இடமும் யோசிக்க வேண்டும்: `வணக்கம்` என்பது கண்ணுக்கு ஐந்தெழுத்து, கணினிக்குப் புள்ளிகளையும் சேர்த்து 7 குறியீடு, 21 பைட். வெர்ஷன் 1-இல் எந்த நிலையிலும் அடங்காது. ஒரு விதத்தில் நல்லதுதான், குட்டிச் சதுரம் தானாக வந்துவிடும்.

வைஃபை கோடு படித்தும் இணைய மறுத்தால் கடவுச்சொல்லில் அரைப்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வடிவத்தில் அரைப்புள்ளிதான் ஒரு பகுதி முடிந்தது என்ற குறி. எனவே கடவுச்சொல் `ab;12` என்றால் முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டு எழுத வேண்டும்:

```
WIFI:T:WPA;S:Veedu;P:ab\;12;;
```

போடாமல் விட்டால் போன் `ab` என்பதை மட்டும் கடவுச்சொல்லாக எடுத்துக்கொண்டு, தப்பு என்று நம்மிடமே சொல்லும்.